பம்பு நொசில் காணொளி: சொலிட்வர்க்ஸா, பிளெண்டரா?

ஹட்டன் பக்கத்துப் பட்டறை ஒன்று தேயிலைத் தோட்டங்களுக்கு மருந்துப் பம்பு செய்கிறது. அதன் நொசில் கழன்று நின்று, உடல், வடி, வாஷர், நுனி, மூடி என ஒவ்வொன்றாகச் சேரும் காட்சியைச் செய்து கொடுத்தேன். பிளெண்டரில்தான் செய்தேன், இனியும் அதில்தான் செய்வேன்.

சொலிட்வர்க்ஸில் வேலை சீக்கிரம் முடியும். Exploded View போட்டுவிட்டு Animation Wizard-இல் Collapse கொடுத்தால் போதும். பிரித்த வரிசை தலைகீழாக ஓடும் என்பதால், கடைசியில் பூட்டும் மூடியை முதலில் பிரிக்க வேண்டும். அளவு மாறினால் காட்சியும் தானாகவே மாறிவிடும். நாளைக்கே வேண்டுமென்றால் இதுவே சரி.

என் முடிவைத் தீர்மானித்தது பிற்காலப் பராமரிப்பு. அடுத்த பருவத்தில் பட்டறை ஒரு பாகத்தை மாற்றும்போது, சொலிட்வர்க்ஸ் உரிமம் முடிந்திருந்தால் பழைய கோப்பை நான் திறந்து திருத்த முடியாது. பிளெண்டர் இலவசம். ஆனால் தொடக்கத்திலேயே ஒழுங்காகக் கட்டினால்தான் அந்த வசதி கிடைக்கும்.

சொலிட்வர்க்ஸிலிருந்து பிளெண்டருக்கு STL கோப்புகளாக ஏற்றுமதி செய்யும்போது, ஒரே கோப்பாகச் சேமிக்கும் தெரிவை நீக்கிவிட்டு, "Do not translate STL output data to positive space" என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்போது எல்லாப் பாகங்களும் பூட்டிய இடத்திலேயே வந்து நிற்கும். ஒவ்வொன்றின் Location-உம் பூச்சியம். Alt+G அழுத்தினால் எந்தப் பாகமும் தன் இடத்துக்குத் திரும்பும். முதலில் கடைசி ஃப்ரேமில் இந்த நிலைக்குக் கீஃப்ரேம் வைத்து, பிறகு அதற்கு முன்னாலுள்ள ஒரு ஃப்ரேமுக்குப் போய்ப் பாகத்தை அச்சுவழியே விலக்கி, அங்கும் கீஃப்ரேம் வையுங்கள். Origin to Geometry மட்டும் வேண்டாம், அந்தப் பூச்சியம் போய்விடும். மூடி சுழல வேண்டுமா? நொசிலின் அச்சில் ஓர் எம்ப்டி வைத்து, அதற்குக் கீழ் மூடியை இணைத்துச் சுழற்றுங்கள்.

இப்போது வாஷரை 2 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆக்குகிறார்கள் என்று வையுங்கள். கீஃப்ரேம் இருப்பது ஒப்ஜெக்டில், வடிவம் இருப்பது மெஷ்ஷில். பழைய ஒப்ஜெக்டின் Data பகுதியில் புதிய மெஷ்ஷைத் தெரிவு செய்தால் அசைவு அப்படியே நிற்கும். நிறம் மட்டும் போய்விடும். மெட்டீரியல் ஸ்லொட்டின் இணைப்பை Object என்று முன்பே வைத்து, புதிய மெஷ்ஷிலும் மாற்றுவதற்கு முன் ஒரு வெற்று ஸ்லொட் சேர்த்திருந்தால் அதுவும் போகாது.

ஆனால் வாஷர் தடித்தால் அதற்கு மேலுள்ள நுனியும் மூடியும் 1 மில்லிமீட்டர் நகர்கின்றன. அவற்றையும் மறுபடி எடுத்து மாற்ற வேண்டும். மறந்தால் வாஷர் நுனிக்குள் புதைந்துவிடும். முழு நொசிலைப் பார்த்தால் அது தெரியாது. கடைசி ஃப்ரேமில் மூடியை மறைத்துவிட்டு, பக்கவாட்டில் பெரிதாக்கிப் பாருங்கள், உடனே தெரியும். சொலிட்வர்க்ஸில் பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் மேட் சரியாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நான் இதைச் செய்தது சிறு நொசிலில்தான். தேயிலை உருட்டும் இயந்திரம் போல நூற்றுக்கணக்கான பாகங்கள் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் மெஷ் மாற்றுவது பெரும் வேலையாகலாம். அங்கே உரிமத்துக்குக் காசு கொடுப்பதுதான் இலாபமாக இருக்கக்கூடும்.