நாற்பத்தெட்டு பேர், எட்டுப் பந்துகள், ஒரு பாடவேளை: கால்பந்து வகுப்புக்கான மூன்று திட்டங்கள்

பதின்மூன்று முதல் பதினைந்து வயது வரையிலான 48 மாணவர்கள், காற்று சரியாக உள்ள எட்டுப் பந்துகள், பாதி மைதானம், 45 நிமிடப் பாடவேளை. இவற்றை வைத்துக் கால்பந்து கற்பிக்க வேண்டிய உடற்கல்வி ஆசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒரே பாடநோக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்றையும் அதன்மீது வைத்துப் பார்ப்பது பயன்தரும். இங்கே நான் எடுத்துக்கொள்ளும் நோக்கம், பாஸ் கொடுத்தவர் அங்கேயே நின்றுவிடாமல், பந்தை மீண்டும் வாங்கக்கூடிய இடத்துக்கு நகர்வது. வருகைப்பதிவு, தொடக்கம், முடிவு ஆகியவற்றைக் கழித்தால் கையில் இருப்பது 35 நிமிடங்கள் என்று கொள்வோம்.

முதல் திட்டம் நாம் அனைவரும் பழகியது. முதலில் வரிசைப் பயிற்சி, பிறகு வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய ஆட்டம். எட்டுப் பந்துகளுக்கு எட்டு வரிசைகள், வரிசைக்கு ஆறு பேர். ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு 15 மீட்டர் சென்று கோனைச் சுற்றித் திரும்ப ஏறத்தாழ 12 விநாடிகள் ஆகின்றன என்றால், அவருடைய முறை மீண்டும் வர 72 விநாடிகள் ஆகும். கால்மணி நேரத்தில் அவருக்குப் பன்னிரண்டு முறைதான் கிடைக்கும். அதாவது, பந்துடன் இருக்கும் நேரம் இரண்டரை நிமிடம்கூட இல்லை; மீதியெல்லாம் காத்திருப்பு. அடுத்து வரும் பெரிய ஆட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். கால்மணி நேர ஆட்டத்தில் பத்து நிமிடம் பந்து ஆட்டத்தில் இருந்தால், அந்த 600 விநாடிகளை 48 பேருக்குச் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்குப் பன்னிரண்டரை விநாடிகளே வரும். உண்மையில் பந்து சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை. திறமையான ஆறேழு பேரின் காலடியிலேயே அது சுற்றுகிறது, ஓரக்கோட்டருகே நிற்கும் மாணவருக்கு ஒரு தொடுதல்கூட வராமல் ஆட்டம் முடிந்துவிடலாம்.

ஆனால், இந்தத் திட்டத்தை ஆசிரியர்கள் கைவிடாததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. எல்லோரும் ஒரே திசையில் நிற்கிறார்கள். ஒரு பார்வையில் முழு வகுப்பும் தெரிகிறது. விளக்கம் ஒன்றே ஒன்றுதான். புதிதாக வந்த வகுப்பைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டிய முதல் ஓரிரு பாடவேளைகளில் இது கைகொடுக்கும். எனினும் நம்முடைய நோக்கத்துக்கு இது உதவாது. வரிசையில் எதிராளி இல்லை. எதிராளி இல்லாத இடத்தில் எங்கே நகர்வது என்ற கேள்வியே எழுவதில்லை. பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத மாணவர், காத்திருக்கும் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தனியாகச் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் நான் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டேன். இந்த வயதில் அந்தக் கூச்சமே சிலரை அடுத்த வகுப்பில் காலணி கொண்டுவராமல் இருக்கச் செய்துவிடுகிறது.

இரண்டாவது திட்டம் நிலையப் பயிற்சி. பன்னிரண்டு பேர் வீதம் நான்கு நிலையங்கள்: மும்மூன்று பேராகப் பாஸ் கொடுத்தல் (நான்கு பந்துகள்), நால்வர் வட்டமாக நின்று நடுவிலுள்ள இருவரிடம் சிக்காமல் பந்தை வைத்திருத்தல் (இரண்டு பந்துகள்), இலக்கை நோக்கி உதைத்தல் (இரண்டு பந்துகள்), பந்தில்லாத சுறுசுறுப்பு ஓட்டம். எட்டுப் பந்துகள் சரியாகப் போதும். விளக்கத்துக்கு ஆறு நிமிடம், நிலையத்துக்கு ஆறு நிமிடம், மாறுவதற்கு ஒவ்வொரு நிமிடம் என்று கூட்டினால் 33 நிமிடங்கள். காகிதத்தில் இது மிக அழகான திட்டம்.

மைதானத்தில் அது இரண்டு இடங்களில் பிசகுகிறது. ஆசிரியர் ஒருவர்தான், உதைக்கும் நிலையத்தில் பந்து வேகமாகப் பறக்கும் என்பதால், பாதுகாப்புக்காக அவர் அங்கேயே நிற்க நேரிடுகிறது. அப்போது பந்தில்லாத நிலையம் மூன்றாவது நிமிடத்திலேயே தளர்ந்து அரட்டையாகிறது. அதைவிட முக்கியமான குறை, நான்கு நிலையங்களில் நம் நோக்கத்தைத் தொடுவது நால்வருக்கு இருவர் என்ற அந்த ஒன்று மட்டுமே. ஒரு மாணவர் அதில் இருப்பது ஆறு நிமிடம். அந்த ஒன்றைக் கற்பிக்கத்தான் வகுப்பு என்றால், மற்ற மூன்றும் எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. தனித்திறன்களை மதிப்பிடும் பாடவேளைக்கு நிலையப் பயிற்சி பொருந்தும். ஆட்டத்தைப் புரியவைக்கும் பாடவேளைக்கு அல்ல.

மூன்றாவது திட்டம் சிறுகள ஆட்டம். லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தோர்ப் இருவரும் 1982-இல், விளையாட்டைக் கற்பிக்கும்போது ஆட்டத்தின் சிக்கலை முதலில் வைத்து, அதைத் தீர்க்கத் தேவைப்படும்போது திறனைக் கற்பிக்கலாம் என்ற அணுகுமுறையை முன்வைத்தார்கள். நெருக்கடியான வகுப்பில் அதை நடைமுறைப்படுத்த எளிய வடிவம் நால்வருக்கு நால்வர் ஆட்டம். 50 மீட்டருக்கு 64 மீட்டர் அளவுள்ள பாதி மைதானத்தில், 24 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் கொண்ட ஆறு களங்களை, இடையே நான்கு மீட்டர் இடைவெளி விட்டு அமைக்கலாம். நீளவாட்டில் இரண்டு, அகலவாட்டில் மூன்று. களத்துக்கு எட்டு கோன்கள் தேவை: மூலைக்கு நான்கு, இரண்டு கோல்களுக்கும் நான்கு. கோன்கள் குறைவாக இருந்தால் கோல்களைப் பைகளால் குறிக்கலாம். கோல்காப்பாளர் இல்லை, கோல் இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் போதும். ஆறு பந்துகள் ஆட்டத்தில், இரண்டு கையிருப்பில். முன்பு போட்ட அதே கணக்கில், பத்து நிமிட ஆட்டநேரத்தை எட்டுப் பேர் பங்கிட்டால் ஆளுக்கு 75 விநாடிகள், அதாவது பெரிய ஆட்டத்தைவிட ஆறு மடங்கு.

ஆனால், களத்தைச் சிறிதாக்கிவிட்டால் திறன் வேறுபாடு மறைந்துவிடாது. உண்மையான போட்டி இந்தத் திட்டத்துக்குள்ளேதான் நடக்கிறது: அணிகளை எப்படிப் பிரிப்பது?

ஒவ்வோர் அணிக்கும் ஒரு திறமைசாலியைப் பகிர்ந்தளிப்பது பலரும் செய்வது. மதிப்பெண் பலகையில் இது நியாயமாகத் தோன்றும். ஆட்டமும் நெருக்கமாகவே முடியும். ஆனால், உள்ளே பார்த்தால் இரண்டு திறமைசாலிகள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆட, மற்ற ஆறு பேரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். இதைச் சரிசெய்ய, நால்வரும் தொட்ட பிறகே கோல் அடிக்கலாம் என்று விதி போடுவதுண்டு. நானும் போட்டேன். ஒரு மீட்டர் தள்ளி நின்று பலவீனமான மாணவரின் காலில் பந்தைத் தட்டி உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒரு சுங்கச்சாவடி ஆனார். எதிரணியோ அவர் ஒருவரை மட்டும் மறித்துவிட்டால் போதும் என்று கண்டுகொண்டது. அந்த விதிக்குப் பதிலாக, கோல் விழும்போது அடிக்கும் அணியின் நால்வரும் நடுக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும் என்று மாற்றியபோது, யாரையும் சுட்டாமலே எல்லோரும் நகர வேண்டியதாயிற்று. நம் பாடநோக்கமும் அதுவேதான்.

முழுக்கத் திறன்வாரியாகப் பிரிப்பது இரண்டாவது வழி. ஆட்டத்தின் தரம் எல்லாக் களத்திலும் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் ஆறாவது களத்தில் நிற்பது என்றால் என்ன என்பது மாணவர்களுக்கு ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் இப்போது பின்பற்றுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தொடக்கத்தில் எட்டுப் பந்துகளுக்கு ஆறு பேர் வீதம், நால்வருக்கு இருவர் ஆட்டத்தை ஆறு நிமிடம் நடத்துகிறேன். அப்போது இரண்டை மட்டும் பார்க்கிறேன்: பந்து வருமுன் தலை திருப்பிச் சுற்றிப் பார்ப்பவர் யார், முதல் தொடுதல் ஓரடிக்குள் நிற்பது யாருக்கு. இதைக்கொண்டு வகுப்பை மனத்துக்குள் பதினாறு பேர் வீதம் மேல், நடு, கீழ் என்று மூன்றாக வைத்துக்கொள்கிறேன். பிறகு ஒரு கட்டுப்பாட்டுடன் பன்னிரண்டு அணிகளைச் சொல்கிறேன்: மிக வல்லவரும் மிகப் பலவீனமானவரும் ஒரே அணியில் இருப்பதில்லை. மேலிருவர் நடுவிருவர் கொண்ட அணிகள் நான்கு, நடுவிருவர் கீழிருவர் கொண்டவை நான்கு, முழுதும் மேல் இரண்டு, முழுதும் கீழ் இரண்டு. நால்வரும் ஏறத்தாழ அண்டையிலுள்ளவர்கள் என்பதால் பந்து அவர்களுக்குள் இயல்பாகச் சுற்றுகிறது. அணிகளைக் களங்களில் கலந்தே நிறுத்துகிறேன். ஒவ்வோர் ஐந்து நிமிடச் சுற்றுக்குப் பிறகும் வென்ற அணி ஒரு களம் மேலே, தோற்ற அணி ஒரு களம் கீழே செல்கிறது. சமநிலை என்றால் கடைசியாகக் கோல் அடித்த அணி மேலே செல்லும். நான்கு சுற்றுகளில் அணிகள் தத்தம் இணையான எதிராளிகளை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. யாரையும் ஆசிரியர் தரம்பிரித்ததாகத் தோன்றுவதில்லை.

நிமிடக் கணக்கு இப்படி: தொடக்க ஆட்டம் 6, அணி அமைத்தல் 3, முதல் இரு சுற்றுகளும் இடையே மாறுதலும் 11, எல்லோரையும் நிறுத்திக் கேள்வி 3, கடைசி இரு சுற்றுகளும் மாறுதலும் 11. மொத்தம் 34. நடுவிலுள்ள அந்த மூன்று நிமிடத்தை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பாஸ் கொடுத்தபின் நின்ற இடத்திலேயே இருந்தால் நண்பருக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கும் என்று கேட்டு, ஒரு களத்தில் நால்வரை நிறுத்திக் காட்டச் சொல்வேன். பந்தை வைத்திருப்பவருக்கும் தனக்கும் இடையே எதிராளி நிற்கிறார் என்பதை மாணவரே கண்டு, இரண்டடி பக்கவாட்டில் நகரும் கணமே பாடம் நடந்ததற்கான அடையாளம்.

சிறுகளத் திட்டத்தின் குறைகளும் சிறியவை அல்ல. ஆறு ஆட்டங்களுக்கு நடுவர் இல்லை. எனவே விதிகளை மூன்றோடு நிறுத்த வேண்டும்: சறுக்கித் தடுக்கக் கூடாது, வெளியேறிய பந்தைத் தரையோடு பாஸ் செய்தே உள்ளே கொண்டுவர வேண்டும், சந்தேகம் வந்தால் பந்து தற்காக்கும் அணிக்கு. பக்கத்துக் களத்துக்குள் பந்து போனால் யாரும் துரத்தி நுழையக் கூடாது. அங்குள்ளவர் திருப்பி உருட்டுவார். மோதல் காயங்கள் பெரும்பாலும் இந்தத் துரத்தலில்தான் நேர்கின்றன. ஆசிரியர் களங்களுக்கு நடுவே நிற்காமல் வெளிவிளிம்பில் நடந்தால்தான் யாருக்கும் முதுகு காட்டாமல் இருக்க முடியும். ஒரு களத்தில் முதல் இரண்டு நிமிடத்துக்குள் நான்கு கோல்கள் ஒரே பக்கம் விழுந்தால் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்னிலையில் உள்ள அணிக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு தொடுதல் என்று காதோடு சொல்லிவிட்டுப் போகலாம்.

பந்துகள் நான்காகக் குறைந்துவிட்டால் ஆறு களங்கள் நடக்காது. அந்த நாளில் நான்கு களங்களில் 32 பேர் ஆட, மீதமுள்ள பதினாறு பேரைக் களத்துக்கு நால்வராகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஆடும் ஒருவரை ஒப்படைத்து, பாஸ் கொடுத்தபின் அவர் நகர்ந்தாரா நின்றாரா என்று கோடிட்டுக் குறிக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பவர்கள் ஆடப்போகிறார்கள்; அதுவரை ஆடியவர்கள் தாளை வாங்கித் தங்கள் பெயருக்கு எதிரேயுள்ள கோடுகளை எண்ணத் தொடங்குகிறார்கள்.