சாயம் போகும் குர்தாவும் கல்லுப்பும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய இரண்டு காட்டன் குர்தாக்களை ரொம்ப நாளாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று கருநீலம், கழுத்தில் வெள்ளை நூல் வேலைப்பாடு. இன்னொன்று கருப்பு. முதல் துவைப்பில் இரண்டுமே பக்கெட்டை மையாக்கின.

அடர் நிறத்துக்குச் சாயம் நிறைய ஏற்ற வேண்டும். நல்ல பருத்திச் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, சும்மா நூலின்மேல் தங்கிவிடும். சாயப் பட்டறையில் சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி அதை எடுக்க வேண்டும். செலவை மிச்சம் பிடித்தால் அந்த அலசல் நம் வீட்டுப் பக்கெட்டில் நடக்கும்.

கீழ் வீட்டு அத்தை, “ஒரு பிடி கல்லுப்பு போட்டு ஊற வைம்மா, சாயம் நிக்கும்” என்றார். போட்டுப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. அங்கேதான் விஷயமே. பட்டறையில் உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளத்தான். பிணைப்பை உண்டாக்குவது சோடா மாதிரியான காரம். வீட்டில் போடும் உப்பு வீணான சாயத்தை வெளியே வராமல் துணியிலேயே பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான். அடுத்து வியர்வை பட்டதும் அது பனியனில் இறங்குகிறது. வினிகரும் பருத்திக்கு உதவாது.

எங்கள் பக்கத்து போர் தண்ணீரும் உப்பும் கடினமுமானது. அதில் இந்தச் சாயம் சரியாகக் கழுவிப் போகாது. அதனால் புதுத் துணிக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் எடுத்துவைக்கிறேன். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிறைய தண்ணீரில் கொஞ்சமாகச் சோப்புத்தூள் கரைத்து, பத்து நிமிடம் கையால் அலசிக்கொண்டே இருக்கிறேன். ஊற வைப்பதில்லை. தண்ணீர் வெளுக்கும்வரை மாற்றி அலசி, பிழிந்த கையோடு நிழலில் விரித்துக் காயப்போடுகிறேன். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் வந்த சாயம் வெள்ளை வேலைப்பாட்டில் திட்டுத்திட்டாக ஏறிவிடும். வேலைப்பாடு இல்லாத துணி என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் சாயத்தைச் சீக்கிரம் எடுத்துவிடும். கருநீலத்துக்கு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஒவ்வொரு முறையும் ஈர வெள்ளைக் கைக்குட்டையைத் தையல் மடிப்புக்குள் அழுத்திப் பார்ப்பேன். கருநீலத்தில் கறை ஒவ்வொரு துவைப்புக்கும் மங்கி, கடைசியில் நின்றேவிட்டது. நிறமும் அப்படியே இருக்கிறது. கருப்பில் கறை குறையவே இல்லை, துணிதான் சாம்பல் தட்டுகிறது. அது பிணைப்பே இல்லாத மலிவான நேரடிச் சாயமாக இருக்க வேண்டும். அதற்கு எந்த அலசலும் பயன்படாது. தனியாகத் துவைத்து, வெள்ளை பேண்ட் இல்லாத நாட்களில் மட்டும் போட்டுக்கொள்கிறேன்.