சம்பள வேலையா, ஸ்டூடியோ வேலையா, ஃப்ரீலான்ஸா: ஓர் எடிட்டர் போட்ட கணக்கு

எனக்குக் குறும்படம் எடுக்க வேண்டும், அதை நானே எடிட் செய்ய வேண்டும் என்ற ஆசை. அதுவரை சாப்பாட்டுக்கு மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். இரண்டு வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. அடுத்து மூன்று வருடம், விளம்பரங்களும் நிறுவன வீடியோக்களும் எடிட் செய்து தரும் ஸ்டூடியோ. அப்புறம் ஃப்ரீலான்ஸ். புதிதாக வருகிறவர்கள் எது நல்லது என்று கேட்கும்போது பெரும்பாலும் வருமானத்தைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். வருமானம் ஒரு அளவுகோல்தான். சொந்த வேலைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது, அந்த நேரத்தில் தலைக்குள் என்ன மிஞ்சுகிறது என்பவை இன்னும் இரண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு கொஞ்சம் மாறுகிறது.

முதலில் துறைக்குச் சம்பந்தமே இல்லாத வேலை. வாரம் 45 மணி நேரம் அலுவலகம், போக வர 8 மணி நேரம். மாலையில் நேரம் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் நாள் முழுக்க எண்களைப் பார்த்த கண்ணோடு டைம்லைன் முன்னால் உட்கார்ந்தால் எந்த கட்டும் சரியாகவே படாது. ஆறு மாதம் முட்டிப் பார்த்துவிட்டு மாலையைக் கைவிட்டேன். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிறு நான்கு மணி நேரம். ஆக 11 மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கொஞ்சம்தான், ஆனால் தவறாமல் கிடைத்தது.

இந்த வழியில் போனவர்களுக்கு எழுத்தாளர் காஃப்காவைச் சொல்வது வழக்கம். அவர் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தவர். பலர் சொல்லாமல் விடுவது, அவருடைய வேலை பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்பதை. வேலை என்ன என்பதைவிட அது எத்தனை மணிக்கு முடிகிறது என்பது முக்கியம். அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் இசை நாடகம் 1976-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் டாக்ஸி ஓட்டினார். கச்சேரிப் பயணம் இருக்கும் வாரத்தில் வண்டி எடுக்காமல் இருக்கலாம் என்பது அந்த வேலையில் கிடைக்கும் வசதி. கணக்குப் பிரிவில் அது நடக்காது. மாதக் கடைசி வந்தால் விடியற்காலையும் போய்விடும். பதவி உயர்வு என்று ஒன்று வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது வீட்டுக்கு வந்த பிறகும் தொலைபேசி அடிக்கும்.

ஆனால் என்னை அந்த வேலையை விட வைத்தது நேரக் குறைவு இல்லை. இரண்டு வருடம் நான் எடிட் செய்தது முழுக்க நானே எடுத்த ஃபுட்டேஜ். என் தப்புகளைச் சொல்ல ஆள் இல்லை, பிறர் எடுத்த மோசமான ஃபுட்டேஜைக் காப்பாற்றும் அனுபவமும் இல்லை. எடிட்டிங், ஒலிக்கலவை மாதிரி வேலைகள் பிறருடைய பொருளில் கை பட்டுப் பட்டுத்தான் வரும். கதை எழுதுகிறவருக்கு இந்தச் சிக்கல் குறைவு, அவருக்கு வேண்டிய பொருள் அவரிடமே இருக்கிறது. அதனால் எழுத்தாளர்களுக்கு நேரத்துக்கு முடிகிற சம்பந்தமில்லாத வேலையே நல்லது என்று நான் சொல்வேன். எடிட்டருக்கு அதையே சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, துறைக்குள்ளேயே சம்பளம். ஸ்டூடியோவில் என் முதல் வேலை, ஒரு மேலாளரின் நாற்பது நிமிடப் பேட்டியைத் தொண்ணூறு வினாடியாக்குவது. அவர் ஒரு வாக்கியத்தையும் முடிக்காத ரகம். மூன்றாவது நிமிடத்தில் ஆரம்பித்ததை இருபதாவது நிமிடத்தில்தான் முடித்திருந்தார். இரண்டையும் ஒட்டினால் படத்தில் தலை துள்ளும், அதுதான் ஜம்ப் கட். அதை மறைக்கத் தொழிற்சாலைக் காட்சியைப் போட்டேன். சீனியர் பார்த்துவிட்டு, படத்தை மறைத்தாய், குரலை என்ன செய்தாய் என்று கேட்டார். முதல் பாதியில் குரல் ஏறி நின்றது, அடுத்த பாதி இறங்கிய குரலில் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு உடனே தெரியும். பேட்டியை முதலில் கண்ணை மூடிக்கொண்டு காதால் எடிட் செய்ய வேண்டும் என்பதை அன்று மதியம் கற்றுக்கொண்டேன். வீட்டில் தனியாக இருந்திருந்தால் அதற்கு இன்னும் இரண்டு வருடம் ஆகியிருக்கும்.

முதல் வருடம் இப்படியே போனது. இரண்டாம் வருடம் வேகம் கூடியது. மூன்றாம் வருடம் சம்பளத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. படிப்பு நின்றுவிட்டது என்பதற்கு நான் கண்ட அடையாளம் ஒன்று உண்டு: ஃபுட்டேஜை முழுக்கப் பார்க்காமலேயே எடிட் செய்ய முடிந்தால் நின்றுவிட்டது. எங்கே என்ன இருக்கும் என்று கைக்கே தெரிகிறது, ஆச்சரியம் எதுவும் மிச்சம் இல்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. அந்தச் சமயத்தில் என் குறும்படத்தை எடிட் செய்தேன். ஒரு பெண் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஷாட். ஒன்பது வினாடிக்கு எடுத்திருந்தேன். டைம்லைனில் அது இரண்டரை வினாடி ஆகிவிட்டது, நான் யோசித்துச் செய்ததே இல்லை. பார்த்த நண்பர், “அவ அழப் போறாளா இல்லையான்னு பார்க்கிறதுக்குள்ள ஏன்டா ஓடுற?” என்று கேட்டார். விளம்பரத்தின் தாளம் விரலில் ஏறிவிட்டது. ஷாட்டை எட்டு வினாடிக்குத் திரும்ப நீட்டியபோது எனக்கே தப்பு செய்கிற உணர்வு. கைக்கு நல்ல பயிற்சி கொடுக்கும் வேலையே ரசனையைத் திருகவும் செய்யும். சம்பந்தமில்லாத வேலையில் இந்த ஆபத்து கிடையாது. டாக்ஸி ஓட்டியதால் யாருடைய இசையும் கெடவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. சத்யஜித் ராய் 1943 முதல் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியப் பிரிவில் இருந்தவர். 1952-ல் முதல் படத்தைத் தொடங்கியபோதும் வேலையை விடவில்லை, விடுமுறை நாட்களில் படமெடுத்தார். படம் 1955-ல் வந்தது. கவனித்தால், அவருடைய அலுவலக வேலை வரைகலை, ஆசைப்பட்டதோ சினிமா. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை. ஸ்டூடியோ வேலை தேடுகிறவர்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்: கதைப்படம் எடிட் செய்ய ஆசை என்றால், விளம்பரத்தைவிட ஒலிப் பிரிவிலோ ஆவணப்படத்திலோ சம்பளம் வாங்குவது கைக்கு நல்லது.

வேலை ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம் என்பதுதான் பல நாடுகளில் சட்டம். வெளி வேலைக்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். அலுவலகக் கணினியில் சொந்தப் படத்தை எடிட் செய்து வம்பில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஃப்ரீலான்ஸ். இதற்குத்தான் கணக்கு வேண்டும். மாதச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். வரி, கருவி, மென்பொருள் சந்தா என்று வருவதில் கால் பங்கு போய்விடும் என்றால், 133-க்கு பில் போட வேண்டும். ஒரு வீடியோவுக்கு 60 கேட்டேன், 20 மணி நேர வேலை என்ற நினைப்பில். குறித்து வைத்துப் பார்த்தபோது நடந்தது இது: எடிட்டிங் 20, பேச்சுவார்த்தை 4, கரெக்‌ஷன் 9, பணம் கேட்டு நடந்தது 3. மொத்தம் 36 மணி நேரம். மணிக்கு 3 என்று நினைத்தது, 1.7-க்கும் கீழே வந்தது.

சரி, அதையே வைத்துப் பார்ப்போம். மாதம் இரண்டே கால் வீடியோ, சுமார் 80 மணி நேரம். புது க்ளையன்ட் தேட 30. ஆக 110 மணி நேரம். ஸ்டூடியோவில் மாதம் 190-க்கு மேல் உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் ஃப்ரீலான்ஸ் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நானும் வேலையை விட்டேன்.

கணக்கு தப்பில்லை, மாதம் இரண்டே கால் வீடியோ வரவில்லை என்பதுதான் தப்பு. முதல் நான்கு மாதம் வந்தது பூஜ்யம், மூன்று, பூஜ்யம், நான்கு. சராசரி ஒன்றே முக்கால், அதுகூடப் பெரிய குறை இல்லை. ஆனால் நான்கு வந்த மாதம் தூக்கம் போனது, பூஜ்ய மாதங்களில் குறும்படத்தைத் தொடவே முடியவில்லை. நேரம் கொட்டிக் கிடந்தது, மனதுக்குள் அடுத்த பில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாதம் முடித்த மூன்றுக்கும் ஐந்தாம் மாதம்தான் பணம் வந்தது. நான்கு மாதச் செலவுக்குக் கையில் இல்லாமல் இறங்கினால், ஐந்தாம் மாதம் எந்த வேலையையும் எந்த விலைக்கும் ஒப்புக்கொள்வீர்கள். நான் ஒப்புக்கொண்டேன், 60 கேட்ட அதே வேலையை 35-க்கு. அந்த க்ளையன்ட் அப்புறம் எப்போதும் 35-தான் தந்தார்.

இதைச் சரிக்கட்டியது மூன்று பழக்கங்கள். பாதி அட்வான்ஸ் வராமல் ஃபுட்டேஜை இறக்குவதில்லை. இரண்டு கரெக்‌ஷன் விலைக்குள், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுத்தில் கொடுப்பது. எழுதி வைத்த மறுமாதமே அந்த 9 மணி நேரம் 5 ஆனது, ஏனென்றால் க்ளையன்ட் தன் ஆட்களின் கருத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தார். மூன்றாவது, பார்க்க அனுப்பும் பிரதியில் படத்தின் மேல் ஓடும் நேர எண்ணான டைம்கோடும் வாட்டர்மார்க்கும் இருக்கும், சுத்தமான பிரதி பணம் வந்த பிறகு. கோபித்துக்கொண்டவர் ஒருவர்தான். அவர் எப்படியும் பணம் தந்திருக்க மாட்டார்.

ஆனால் நிலைமையை மாற்றியது மாதாந்திர ஒப்பந்தம். ஒரு க்ளையன்ட், மாதம் நான்கு சின்ன வீடியோ, ஒரே வடிவம், 55. வேலை சலிப்பானது, கற்க ஒன்றும் இல்லை, ஒரு வீடியோவுக்கு என்று பார்த்தால் விலையும் குறைவு. கூடப் படித்த ஒருவர், இதற்குக் கணக்குப் பிரிவிலேயே இருந்திருக்கலாமே என்று சிரித்தார். பாதி உண்மைதான்: அது எனக்கு வேலை செய்வது அரைச் சம்பள வேலை மாதிரிதான். மாதம் 30 மணி நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை.

என்னை மாதிரி எடிட்டிங் ஆசையோடு இன்று தொடங்குகிறவர் என்றால் இந்த வரிசையில் போகச் சொல்வேன்: முதலில் ஸ்டூடியோ, இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம். அந்தச் சம்பளத்தில் நான்கு மாதச் செலவைச் சேர்த்த பிறகு, ஒரு மாதாந்திர ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு ஃப்ரீலான்ஸ். ஒப்பந்தம் கிடைக்கவே இல்லை என்றால் நேரத்துக்கு முடிகிற சம்பந்தமில்லாத வேலைக்குத் திரும்பலாம், இந்த முறை கை பழகிய பிறகு திரும்புகிறோம் என்பதால் விடியற்காலை ஒன்றரை மணி நேரத்தில் முன்பைவிட நிறைய நடக்கும்.

நான் மாதாந்திர வீடியோக்களைத் திங்கள், செவ்வாயில் முடித்துவிடுகிறேன். புதன் காலையில் அவற்றின் ஃபோல்டரை மூடிவிட்டு, குறும்படத்தைத் திறந்து, முதலில் எதையும் வெட்டாமல் ஒரு முறை ஓடவிட்டுப் பார்ப்பேன். அந்தப் பெண் ஷாட் இப்போது ஏழரை வினாடியில் நிற்கிறது.