டிஸ்சார்ஜ் அன்று மதியச் சாப்பாடு வராது

செல்வி அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் மாற்று ஆபரேஷனுக்காக மார்கழியில் சென்னைக்குப் போகிறோம், தங்குவது, வண்டி, சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது எல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். என் அம்மாவுக்குச் சென்னையில் நடந்த இதே ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நன்றாக நடந்தது. டாக்டர் தங்கமானவர். மறுநாளே அம்மாவை வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள். இங்கே டொரான்டோவில் எலும்பு டாக்டரைப் பார்க்கவே எவ்வளவு நாள் காத்துக் கிடந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். கனடாவில் இந்த ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் இலக்கே 26 வாரம், அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அந்த விஷயத்தில் சென்னையை நான் குறை சொல்லவே மாட்டேன்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் டிஸ்சார்ஜ் ஆன அந்த ஒரு நாளின்மேல்தான். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், எங்கே போனாலும் அன்றைய கதை ஏறக்குறைய இதேதான் என்கிறார்கள்.

காலை ஒன்பதேகாலுக்குப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். "என்னம்மா, வீட்டுக்குப் போகலாமா?" என்று சிரித்தார். அம்மா உடனே சேலை மாற்ற வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் கிளம்பியது மாலை ஆறு மணிக்கு. டாக்டர் தலையாட்டியதும் கிளம்பிவிடலாம் என்பது நம் பழைய நினைப்பு. அதன்பிறகுதான் சங்கிலியே ஆரம்பிக்கிறது. டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். வார்டில் மிச்சமிருக்கும் மாத்திரை, ஊசி மருந்தையெல்லாம் சிஸ்டர் எண்ணிப் பார்மசிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்மசி அதை வாங்கி வரவு வைத்தால்தான் பில்லிங்கில் கணக்கை முடிக்க முடியும். பணம் கட்டிய சீட்டு வார்டுக்குப் போனால்தான் கையில் குத்தியிருக்கும் ஊசியைக் கழற்றுவார்கள், எக்ஸ்ரே கொடுப்பார்கள், வாசலில் காட்ட கேட் பாஸ் தருவார்கள். ஒன்று நின்றால் பின்னால் உள்ளது எல்லாம் நிற்கும். நடுவில் மதியம் நர்ஸ்களின் ஷிப்ட் வேறு மாறும். காலையில் நம்மிடம் பேசிய சிஸ்டர் போய், "என்ன சார், எந்த பெட்?" என்று கேட்கும் சிஸ்டர் வந்துவிடுவார்.

இந்தத் தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் அக்கா. மதியம் நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

அம்மாவுக்குச் சுகர் உண்டு. வீட்டில் எப்படியோ, ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் குத்திச் சுகர் பார்த்து, அதற்கேற்ற அளவில் இன்சுலின் போட்டுவிடுவார்கள். அது சீக்கிரம் வேலை செய்கிற வகை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும். அன்றும் பன்னிரண்டரைக்குச் சிஸ்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். தினமும் ஒரு மணிக்குள் மூடி போட்ட தட்டு வந்துவிடும். அன்று வரவில்லை. ஒன்றேகாலுக்குச் சமையல் பகுதிக்குப் போன் போட்டேன். "டிஸ்சார்ஜ் பேஷண்டுக்கு டயட் கிடையாது சார், லிஸ்ட்டில் எடுத்துட்டாங்க" என்றார்கள்.

காலையில் டாக்டர் தலையாட்டியதுமே கம்ப்யூட்டரில் "டிஸ்சார்ஜ்" என்று போட்டிருக்கிறார்கள். அதோடு சாப்பாட்டு லிஸ்ட்டிலிருந்து அம்மாவின் பெயர் போய்விட்டது. மருந்து எழுதுகிற தாள் மட்டும் நோயாளி வார்டை விட்டுப் போகும்வரை நடப்பில் இருக்கும். அதனால் ஊசி வந்துவிட்டது, சோறு வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அவரவர் லிஸ்ட்டை அவரவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நான் கீழே கேன்டீனுக்கு ஓடினேன். அங்கே கூப்பன் வாங்க ஒரு வரிசை, கூப்பனைக் கொடுத்துச் சாப்பாடு வாங்க இன்னொரு வரிசை. தயிர் சாதத்தோடு மேலே வந்தபோது அம்மாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஏசி அறையில்! "கை நடுங்குதுடா, ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். சிஸ்டரைக் கூப்பிட்டேன், குத்திப் பார்த்தார். 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. அந்தச் சிஸ்டர் பாவம், சின்னப் பெண், ஆனால் வேலை தெரிந்தவர். நான் கொண்டுவந்த தயிர் சாதத்தை நகர்த்தி வைத்துவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். 94. அப்புறம்தான் சாதம். முதலிலேயே சோறோ பிஸ்கட்டோ சாக்லெட்டோ கொடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏற நேரமாகுமாம், அதனால் சர்க்கரைத் தண்ணீரோ அரை டம்ளர் பழச்சாறோதான் முதலில் என்றார். நோயாளி மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொன்னார்.

உங்கள் அம்மாவுக்கும் சுகர் என்பதால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன். டிஸ்சார்ஜ் என்று சொன்ன நிமிடமே வார்டு சிஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மதியச் சாப்பாடு லிஸ்ட்டில் இருக்கிறதா, மதிய ஊசி உண்டா? தட்டு கண்ணில் படும்வரை ஊசி போட வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம், எந்தச் சிஸ்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கைப்பையில் குளுக்கோஸ் பவுடர் ஒரு டப்பா இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஆஸ்பத்திரி என்றால் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும், பிளாஸ்க்கில் காபி வரும், பார்க்க வருகிற சொந்தபந்தம் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து இறங்கும். நாலு படுக்கைக்கு அந்தச் சாப்பாடு போதும். இப்போது வாசலிலேயே பையைத் திறந்து பார்க்கிறார்கள், வெளிச் சாப்பாடு உள்ளே போகாது. பார்வையாளர் நேரம் தவிர ஒரு நோயாளிக்கு ஒரு அட்டெண்டர் பாஸ்தான். டொரான்டோவிலும் கெடுபிடி உண்டு. ஆனால் இங்கே கூட இருப்பவர் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். சென்னையில் பார்மசிக்கும் பில்லிங்குக்கும் ஓடுவதற்கு அட்டெண்டரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால் டிஸ்சார்ஜ் அன்று மட்டுமாவது தம்பியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அம்மா பக்கத்தில், ஒருவர் கவுண்டரில். இன்னொரு பாஸ் தர முடியாது என்பார்கள், வார்டு இன்சார்ஜிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் விட்டுவிடுவார்கள்.

சம்மரி கைக்கு வந்ததும் அதை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நம் வழக்கப்படி இனிஷியலோடு பதிந்துவிட்டார்கள். இங்கே குடும்ப டாக்டரிடமோ இன்சூரன்ஸிலோ அது வேறு ஆள் பெயராகத்தான் தெரியும், அதனால் அங்கேயே உட்கார்ந்து திருத்தி வாங்கினேன். எந்தக் கால், எந்த மாத்திரை எத்தனை நாள், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மருந்தை என்றைக்கு நிறுத்துவது என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். மூட்டின் கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் போட்ட ஸ்டிக்கர் ஃபைலில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். செயற்கை முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்ட்டிலிருந்து அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. பில்லில் மூட்டின் விலை தனி வரியில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பணம் கட்டுவதிலும் ஒரு முடிச்சு. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது. கனடா கார்டைத் தேய்த்தால் பெரிய தொகை என்று நம் பேங்க் நிறுத்தி வைத்து, கனடா நம்பருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். அந்த சிம் போனில் உயிரோடு இருக்க வேண்டும். கிளம்பும் முன்னாலேயே பேங்குக்குச் சொல்லிவிடுங்கள்.

வண்டி விஷயம். டாக்டர் சொன்னதை நம்பிப் பகலிலேயே கால் டாக்ஸி சொல்லிவிடாதீர்கள். கேட் பாஸ் கைக்கு வந்த பிறகு கூப்பிட்டால் போதும், வீல்சேர் கீழே இறங்குவதற்குள் வந்துவிடும். போர்ட்டிகோவில் செக்யூரிட்டி இரண்டு நிமிடம் நிற்க விட மாட்டார், விசில் ஊதியே உயிரை வாங்குவார். நம் அம்மாக்களைப் பின் சீட்டில் ஏற்ற முடியாது, கால் மடங்காது. முன் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, முதலில் உட்கார வைத்துவிட்டு அப்படியே திருப்பினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தது. இது ஒன்றுதான் அன்று சுலபமாக நடந்தது.

தங்குமிடம் எடுக்கும்போது போட்டோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். எங்கள் சர்வீஸ் அபார்ட்மெண்டில் லிப்ட் உண்டு, ஆனால் லிப்ட்டுக்குப் போக மூன்று படி. வாக்கரோடு மூன்று படி ஏற அன்று அரை மணி நேரம் ஆனது. வாசலிலிருந்து படுக்கைவரை நடந்து காட்டி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். கரண்ட் போனால் லிப்ட்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்றும் கேளுங்கள். நம்முடையது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் நாம் தங்குவதை அரசிடம் பதிய வேண்டும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்கிறவரிடம் எடுக்க வேண்டாம். சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, பக்கத்திலேயே ஒரு மெஸ்ஸிலிருந்து உப்பு குறைத்து ரசமும் கூட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். டொரான்டோவில் எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த ரசம் கிடைக்காது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வர டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று எங்கள் டாக்டர் ஆறு வாரத்துக்கு முன்னால் விடவில்லை.

பாத்ரூமுக்கு உயரமான கமோட் சேர் ஒன்று வாங்கினோம், இப்போது நங்கநல்லூரில் சித்தி வீட்டுப் பரணில் இருக்கிறது. தம்பியை அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சித்தியிடம் சொல்லி வைக்கிறேன். ஒரு கால் ரப்பர் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.