சென்சாரில் 165: யாருக்குச் சரி, யாருக்கு அதிகம்?

டைப் 1 சர்க்கரை உள்ள ஒரு கர்ப்பிணி சாப்பிட்ட பிறகு, உடலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சார் 165 mg/dL காட்டுகிறது. டைப் 1 சர்க்கரை உள்ள மற்ற பெரியவர்களுக்கு இது சரி. அவர்களின் எல்லை 70 முதல் 180 வரை. கர்ப்பிணிக்கோ 63 முதல் 140 வரைதான், ஆகவே இது அதிகம். இருவருமே நாளில் 70 சதவீதத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம், தத்தம் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி? கர்ப்பத்தில் சர்க்கரை இயல்பாகவே சற்றுக் குறைவு. கீழ் எல்லை 63 ஆனது அதனால்தான். மேல் எல்லை குழந்தைக்காக. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும், போடும் இன்சுலின் அப்படிப் போகாது. குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. அதனால் எடை கூடுகிறது. பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோக, குழந்தைக்குத் தாழ்சர்க்கரை வரலாம்.

சென்சாரின் ஆப்பில் எல்லை பெரும்பாலும் 70–180 தான் இருக்கும். மாற்றாவிட்டால் அந்த 165 பச்சையாகவே தெரியும்.