வருடக் கட்டணக் கார்டு: மூடுவதா, கட்டணமில்லாத கார்டாக மாற்றுவதா?

வருடக் கட்டணம் ஸ்டேட்மெண்டில் ஏறும்போதுதான் இந்தக் கார்டு இனி வேண்டுமா என்று பலரும் யோசிக்கிறோம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று வங்கியிடம் முதலில் கேட்டுப் பாருங்கள். சில சமயம் அதோடு வேலை முடிந்துவிடும். முடியாது என்றால் இரண்டு வழி இருக்கிறது. கணக்கையே மூடிவிடலாம். அல்லது கணக்கை வைத்துக்கொண்டு, அதே வங்கியின் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லலாம். இரண்டிலும் கட்டணம் நின்றுவிடும், ஆனால் கிரெடிட் ஸ்கோருக்கும் ஆட்டோபேக்கும் நடப்பது ஒன்றல்ல.

பழைய கார்டை மூடினால் கணக்கின் வயது போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஃபைக்கோ என்ற ஸ்கோர் முறையில், ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கும் கிரெடிட் அறிக்கையில் இருக்கும்வரை வயதுக் கணக்கில் சேரும். எனவே அந்த அடி உடனே விழாது. உடனே விழுவது லிமிட்டில். மொத்த லிமிட்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறோம் என்பதையும் ஸ்கோர் பார்க்கும், அது கூடினால் ஸ்கோர் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணக் கார்டின் லிமிட் 3,00,000, இன்னொரு கார்டின் லிமிட் 1,00,000. மாதம் முதல் கார்டில் 20,000, இரண்டாவதில் 40,000 செலவாகிறது. 4,00,000 லிமிட்டில் 60,000 பயன்பாடு, அதாவது 15 சதவீதம். முதல் கார்டை மூடினால் அதன் லிமிட் போகும், அதில் ஓடிய செலவு மட்டும் இரண்டாவது கார்டுக்கு வந்து சேரும். இப்போது 1,00,000 லிமிட்டில் 60,000. ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமலே 60 சதவீதம்! முழுத் தொகையையும் மாதாமாதம் கட்டுபவருக்கும் இதுதான் நிலை. ஸ்டேட்மெண்ட் தேதியில் இருக்கும் பாக்கியைத்தான் வங்கி பெரும்பாலும் அறிக்கைக்கு அனுப்பும்.

நல்ல செய்தி, இந்த அடி நிரந்தரமில்லை. புழக்கத்தில் உள்ள பெரும்பாலான ஸ்கோர் முறைகள் கடைசியாக வந்த பாக்கியைத்தான் பார்க்கின்றன. ஸ்டேட்மெண்ட் தேதிக்கு முன்பே 50,000 கட்டிவிட்டால் அறிக்கையில் 10 சதவீதம்தான் தெரியும். ஆனாலும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகும் நேரத்தில் கார்டை மூடாதீர்கள்.

கட்டணமில்லாத கார்டாக மாற்றினால் பொதுவாக லிமிட்டும் கணக்கின் வயதும் அப்படியே இருக்கும். ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: இது அதே கணக்கின் மாற்றமா, புது விண்ணப்பமா? பழையதை மூடிப் புதுக் கணக்கு திறப்பதாக இருந்தால் மாற்றியதன் பலனே போய்விடும். கார்டு எண் மாறுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். மாறாவிட்டால் ஆட்டோபேக்கள் பெரும்பாலும் தொடரும். மாறினால், கார்டு நெட்வொர்க்கின் புதுப்பிப்புச் சேவை மூலம் புது எண் சில நிறுவனங்களுக்குத் தானாகப் போகும், சிலவற்றுக்குப் போகாது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

மூடுவதில் உண்மையான தலைவலி ஆட்டோபேதான். மாதச் சந்தாக்கள் நினைவில் இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை வருபவை இருக்காது. நான் ஒரு கார்டை மூடியபோது மூன்று மாத ஸ்டேட்மெண்டை மட்டும் பார்த்தேன். வருடாந்திரக் காப்பீட்டுத் தவணை அதில் இல்லை, பணம் போகாமல் நின்றுவிட்டது. அதனால்தான் 13 மாத ஸ்டேட்மெண்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. மூடிய கார்டில் ஆட்டோபே எப்போதும் மறுக்கப்படும் என்று நினைக்காதீர்கள். முன்பே அனுமதி கொடுத்த சந்தாவை வங்கி சில சமயம் ஏற்றுக்கொள்ளும். மூடிய கணக்கில் சின்னப் பாக்கி ஏறும், நாம் பார்க்க மாட்டோம், தவணை தவறியதாகப் பதிவாகும். லிமிட் குறைந்ததால் வரும் சரிவைவிட இந்தப் பதிவு மோசமானது, வருடக்கணக்கில் அறிக்கையில் நிற்கும்.

என் கருத்தில், வங்கியில் கட்டணமில்லாத கார்டு இருந்தால் மாற்றுவதே மேல். மற்ற கார்டுகளின் லிமிட் தாராளமாக இருந்து, அருகில் கடன் வாங்கும் எண்ணமும் இல்லையென்றால் மூடலாம். அப்படி மூடுவதானால் முதலில் சந்தாக்களை வேறு கார்டுக்கு மாற்றி, ஒரு முழு ஸ்டேட்மெண்ட் சுழற்சி காத்திருந்து, பழையதில் எதுவும் ஏறவில்லை என்று பாருங்கள். ரிவார்டு புள்ளிகளைப் பயன்படுத்திவிடுங்கள், மூடியபின் அவை போய்விடலாம். கட்டணம் ஏறிச் சில நாள்தான் ஆகிறது என்றால் அதைத் திரும்பக் கேளுங்கள். பல வங்கிகள் அதற்கு ஒரு கால வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கார்டு பில் கட்டும் ஆட்டோபேயை மட்டும் கடைசி ஸ்டேட்மெண்ட் பூஜ்யமாக வரும்வரை நிறுத்தாதீர்கள், பழைய பாக்கிக்கான மிச்ச வட்டி அடுத்த மாதம்கூட வரலாம். அப்புறம் ஓரிரு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையை எடுத்து, கணக்கு வாடிக்கையாளர் கேட்டு மூடியதாகவும் பாக்கி பூஜ்யமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.