வான்கோமைசின், லினிசோலிட், டாப்டோமைசின்: 12 வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வழக்கமான பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸான எம்ஆர்எஸ்ஏ கிருமிக்கு மருந்து எழுதும்போது எது அதிகம் கொல்லும் என்று நான் பெரும்பாலும் யோசிப்பதில்லை. இந்த ஆளுக்கு எந்தப் பக்கவிளைவு வரும், அதை நான் எந்த நாளில் பிடிப்பேன் என்றுதான் யோசிக்கிறேன். மூன்று மருந்தும் ஒரே ஆளுக்குத் தேவைப்பட்ட ஒரு கதையைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

58 வயது, சர்க்கரை நோயாளி, எடை 62 கிலோ. முதுகெலும்புத் தட்டில் சீழ், ரத்தத்திலும் எம்ஆர்எஸ்ஏ. ரத்தம் சுத்தமானதிலிருந்து 8 வாரம் மருந்து என்று முடிவு செய்து, வான்கோமைசினில் தொடங்கினோம். 1958 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. பாக்டீரியா தன் சுவரைக் கட்ட எடுக்கும் ஒவ்வொரு செங்கல்லின் நுனியிலும் டி-அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும். வான்கோமைசின் அந்த நுனியைக் கவ்விக்கொள்கிறது, செங்கல் சுவரில் சேராது. சில எண்டரோகாக்கஸ் கிருமிகள் கடைசி அலனைனை லாக்டேட்டாக மாற்றிவிடுகின்றன. அப்புறம் கவ்வப் பிடியே கிடைக்காது.

முதல் நாளே ஒரு கூத்து. 1 கிராமை 20 நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். கழுத்து, முகமெல்லாம் சிவந்து ஒரே அரிப்பு. கேஸ் ஷீட்டில் 'வான்கோமைசின் அலர்ஜி' என்று எழுதப் போனார்கள், நான் தடுத்தேன். வேகமாக ஏறும் மருந்து மாஸ்ட் செல்களை நேரடியாகத் தூண்டி ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது. உண்மையான ஒவ்வாமை வேறு. மறுவேளை ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. அலர்ஜி என்று ஒருமுறை எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு ஒரு நல்ல மருந்து ஆயுளுக்கும் போய்விடும்.

நிஜமான அடி சிறுநீரகத்தில் விழுந்தது. சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் 0.9 இருந்தது, 9ஆம் நாள் 1.9. அடுத்த ஊசி போடுவதற்கு முன் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவை 15 முதல் 20க்குள் வைக்க வேண்டும் என்ற பழைய பழக்கம்தான் இதில் பாதிக் குற்றவாளி. 2020 வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, ரத்தம் 24 மணி நேரத்தில் சந்திக்கும் மருந்தின் மொத்த அளவைக் கணக்கிடச் சொல்கிறது. கூடவே பிப்பெராசிலின்-டாசோபேக்டமும் ஓடினால் கிரியாட்டினின் இன்னும் சீக்கிரம் ஏறும். (வான்கோமைசின் குடும்பத்தில் இன்னொன்றான டெய்கோபிளானின் சற்று மென்மையானது. ஆனால் 12 மணிக்கொரு முறை போட வேண்டிய முதல் மூன்று டோஸ்களை மறந்துவிட்டு, அது வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம்.)

ரத்தம் அதற்குள் சுத்தமாகியிருந்ததால் லினிசோலிட் 600 மி.கி. மாத்திரை, நாளுக்கு இரண்டு. வாயில் போட்டாலும் டிரிப்பில் ஏற்றினாலும் உடம்பில் சேர்வது கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. புரதம் தயாரிக்கும் பாக்டீரியாவின் ரைபோசோம் கூடி வேலையைத் தொடங்க இது விடாது. நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் அதே சாயல் என்பதுதான் சிக்கல்: வாரக்கணக்கில் போனால் லாக்டேட் ஏறும், பாதம் மரக்கும், பார்வை மங்கும். மாதக்கணக்கில் இதை எடுக்கும் மருந்தெதிர்ப்புக் காசநோயாளிகளிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முதுகு வலிக்கு அவர் போட்டுவந்த டிரமடாலை அன்றே நிறுத்தினேன். லினிசோலிட் மோனோஅமீன் ஆக்ஸிடேஸைக் கொஞ்சம் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் செரோடோனின் ஏறி நடுக்கம், வியர்வை, படபடப்பு.

17ஆம் நாள் தட்டணுக்கள் 2.4 லட்சத்திலிருந்து 78,000. சிறுநீரகம் முழுதாகத் தேறாதவருக்கு இது சீக்கிரம் வரும், அதனால்தான் வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தேன். மாத்திரையை நிறுத்தினோம், பத்து நாளில் ஏறிவிட்டது.

மீதி நாட்களுக்கு டாப்டோமைசின், கிலோவுக்கு 6 மி.கி., தினம் ஒரே ஊசி. கால்சியத்தோடு சேர்ந்து பாக்டீரியாவின் சவ்வில் செருகி, மின்னழுத்தத்தை ஒழுகவிட்டுக் கொல்கிறது. ஆரம்ப ஆய்வுகளில் நாளுக்கு இருமுறை கொடுத்துத் தசை கெட்டதால் மருந்தையே ஓரம்கட்டினார்கள்; ஒருவேளையாக்கிய பிறகுதான் 2003இல் சந்தைக்கு வந்தது. நிமோனியாவுக்கு மட்டும் இதை எழுதவே கூடாது, நுரையீரலின் சர்ஃபாக்டன்ட் இதை முடக்கிவிடும்.

தசையைக் கெடுக்கக்கூடிய கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவைத்து, தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் சிபிகே அளவை வாரந்தோறும் பார்த்தோம். 110 இருந்தது இரண்டாம் வாரம் 640. தசை வலி இல்லை, அதனால் தொடர்ந்தேன். வலியோடு 1000ஐத் தாண்டினாலோ, வலியே இல்லாமல் 2000ஐத் தாண்டினாலோ நிறுத்தியிருப்பேன்.

மூன்றாம் வாரம் ராத்திரி போன். "டாக்டர், ரெண்டு நாளா இருமல்." இந்த மருந்துக்கு, இசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலில் குவியும் இசினோஃபில் நிமோனியா வரும் காலம் அதுதான். காலையிலேயே வரச் சொல்லி எக்ஸ்ரே, இசினோஃபில், ஆக்ஸிஜன் அளவு மூன்றும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பேரனுக்குச் சளியாம். அன்றைய ஊசியைப் போட்டு அனுப்பினேன்.